ஒரே சொல்லை எத்தனை தடவைதான் எழுதுவது? – கேள்வி பதில்

லேப்டாப் பேட்டரி சீக்கிரம் தீர்வது பற்றி 600 சொற்களில் எழுதினேன். அதில் ‘லேப்டாப் பேட்டரி’ 24 தடவை வருகிறது. வாசிக்க எனக்கே எரிச்சல். குறைத்தால் கூகுளில் இறங்கிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது, அக்கா.

நான்கு இடங்களில் மட்டும் அந்தச் சொல்லை விடாதீர்கள்: பக்கத்தின் டைட்டில், மேலே தெரியும் பெரிய தலைப்பு, முதல் பத்தி, உங்கள் மற்ற பக்கங்களிலிருந்து இங்கே வரும் லிங்கின் எழுத்து. மீதி இடங்களில் கை வைக்கலாம்.

கை வைப்பது என்றதும் எல்லோரும் வேறு பெயர் தேடப் போகிறார்கள். தமிழில் பாதி நேரம் அது தேவையே இல்லை. உங்கள் கட்டுரையில் இப்படி ஒரு பத்தி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்:

“லேப்டாப் பேட்டரி சூடானால் லேப்டாப் பேட்டரியின் ஆயுள் குறையும். லேப்டாப் பேட்டரியை எப்போதும் 100 சதவீதத்தில் வைத்திருந்தாலும் லேப்டாப் பேட்டரி சீக்கிரம் தேயும். அதனால் லேப்டாப் பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.”

இதையே இப்படி எழுதலாம்:

“லேப்டாப் பேட்டரி சூடானால் அதன் ஆயுள் குறையும். எப்போதும் 100 சதவீதத்தில் வைத்திருந்தாலும் சீக்கிரம் தேயும். அதனால் 80 சதவீதத்தோடு சார்ஜ் நின்றுவிடும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.”

ஐந்து ஒன்றாகிவிட்டது. மாற்றுச்சொல் ஒன்றுகூட போடவில்லை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்த பிறகு பெயரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடிக்க நம் மொழி இடம் கொடுக்கிறது. முதலில் அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். காலியான இடத்தில் லித்தியம் அயான் செல், அடாப்டர், திரை வெளிச்சம், பின்னணியில் ஓடும் செயலி என்று பேட்டரியோடு ஒட்டிய விஷயங்கள் தானாக வந்து உட்காரும். பக்கம் எதைப் பற்றியது என்பதை இருபதாவது ‘லேப்டாப் பேட்டரி’யை விட அவை நன்றாகவே காட்டும்.

முக்கியச் சொல்லின் அடர்த்தி 2 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். 600-க்கு 24 என்றால் 4 சதவீதம். ஆக 12 ஆக்கினால் கணக்கு சரியாகிவிடும், இல்லையா மேடம்?

குறைக்க வேண்டும் என்பது சரி, கணக்குதான் சரியில்லை. இத்தனை சதவீதம் இருந்தால் மேலே வரும் என்று கூகுளில் ஓர் எண் கிடையாது. தேடல் துறையில் பல வருடங்களாகப் புழங்கும் பிஎம்25 போன்ற சூத்திரங்களையே பாருங்கள். ஒரு சொல் முதல் சில தடவை வரும்போது மதிப்பு நன்றாக ஏறும், அப்புறம் ஏற்றம் சுருங்கிக்கொண்டே போகும். இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் வித்தியாசம் அநேகமாக ஒன்றுமில்லை. சொல்லைத் திணிப்பது கூகுளின் ஸ்பேம் விதிகளிலேயே இருக்கிறது, ஆனால் அங்கேயும் எண் கொடுக்கவில்லை. 12 என்று குறிவைத்து வெட்டினால், இருக்க வேண்டிய இடத்திலும் வெட்டுவீர்கள். பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு சலித்துக்கொள்ளும் இடத்தில் எடுத்துவிடுங்கள்.

நான் மடிக்கணினி, கணினி, நோட்புக் என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். இது போதுமா?

மூன்றும் ஒன்றல்ல. மடிக்கணினி என்பது லேப்டாப்தான், போடலாம். கணினி என்றால் மேசைக் கணினியும் சேர்ந்துவிடும், அதற்கு இந்தப் பேட்டரிப் பிரச்சினையே இல்லை. நோட்புக் என்றால் நம் ஆட்களுக்குக் கோடு போட்ட நோட்டுதான் நினைவுக்கு வரும்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. உலாவியில் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து ‘லேப்டாப் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது’ என்று தேடுங்கள். அப்புறம் சொல்லை மட்டும் மாற்றித் தேடுங்கள். முதல் பத்து முடிவுகளில் ஆறேழு ஒன்றாக இருந்தால், அந்த இரண்டு சொல்லையும் தேடுபொறி ஏறக்குறைய ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது, தைரியமாக மாற்றலாம். இரண்டு பட்டியலும் முற்றிலும் வேறாக இருந்தால் அது மாற்றுச்சொல் அல்ல, வேறொருவரின் வேறு தேவை. ‘லேப்டாப் சார்ஜ் நிற்கவில்லை’ என்று தேடுபவர் உங்கள் ஆள். ‘லேப்டாப் சார்ஜர்’ என்று தேடுபவர் அநேகமாக வாங்க வந்தவர்.

செய்முறை விளக்கத்தில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். முதல் படியில் ‘பேட்டரி’ என்றும் மூன்றாம் படியில் ‘மின்கலம்’ என்றும் எழுதினால், இரண்டும் வேறு பாகமோ என்று வாசகர் குழம்பிப்போவார்.

அப்படியென்றால் இந்த மாற்றுச் சொற்களையெல்லாம் மெட்டா கீவேர்ட்ஸில் போட்டுவிட்டால் வேலை முடிந்ததே!

நான் சொன்னது வாசகர் கண்ணில் படும் எழுத்தைப் பற்றி. மெட்டா கீவேர்ட்ஸ் பக்கத்தின் HTML-க்குள் மறைந்திருப்பது, அதைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அடுத்து, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்று கிளம்பாதீர்கள், அது நேரடியாக ஸ்பேம்.

நான் போன மாதமே எல்லாவற்றையும் மாற்றினேன். சராசரி இடம் 8-லிருந்து 13-க்குப் போய்விட்டது. பழையபடி திருப்பிவிடட்டுமா?

பொறுங்கள். கூகுளின் சர்ச் கன்சோலில் Performance பகுதிக்குப் போய் அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டுங்கள். மாற்றத்துக்கு முந்தைய 28 நாளையும் பிந்தைய 28 நாளையும் ஒப்பிட்டு, Queries பட்டியலைப் பாருங்கள். புதிய சொற்கள் சேர்ந்ததால் பக்கம் புதிய தேடல்களில் முப்பதாவது, நாற்பதாவது இடத்தில் தலைகாட்ட ஆரம்பித்திருக்கலாம். அவையும் சேர்ந்துதான் சராசரியை இழுக்கும். பழைய முக்கியத் தேடல் இன்னும் 8-லேயே இருந்தால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. அந்த ஒரு வரி மட்டும் சரிந்திருந்தால்தான் கவலை.

பார்த்துவிட்டேன். அந்த வரிதான் சரிந்திருக்கிறது. டைட்டிலையும் ‘மடிக்கணினி மின்கலப் பராமரிப்பு’ என்று மாற்றியிருந்தேன், அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

அப்படியானால் என் சந்தேகம் டைட்டில் மேல்தான். ‘பேட்டரி தீர்கிறது’ என்று தேடியவர் முன்னால் ‘பராமரிப்பு’ என்று பலகை மாட்டினால் அவர் ஏன் சொடுக்குவார்? சொல் மட்டுமல்ல, கேள்வியே மாறிவிட்டது. உள்ளே இருப்பதைத் தொடாமல் இதை மட்டும் சரிசெய்யுங்கள்:

```html
<title>லேப்டாப் பேட்டரி சீக்கிரம் தீர்கிறதா? காரணங்களும் தீர்வும்</title>
```

அப்புறம் URL Inspection வழியாக மீண்டும் பதிவுசெய்யக் கேட்டுவிட்டு மூன்று நான்கு வாரம் காத்திருங்கள். இடையில் வேறெதையும் மாற்றாதீர்கள், மாற்றினால் எது எதைச் செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் வாடிக்கையாளர் கண்ட்ரோல் எஃப் போட்டு எண்ணுகிறார். 15-க்குக் கீழே வந்தால் பணம் இல்லை என்கிறார்.

நானும் அப்படி ஒருவரிடம் வேலை செய்திருக்கிறேன். வாதாடிப் பயனில்லை என்று 15 போட்டுக் கொடுத்தேன். பத்திகளை விட்டுவிட்டு உள்தலைப்புகளிலும் படக்குறிப்புகளிலும் அட்டவணையிலும் பரப்பினால் கண்ணை அவ்வளவாக உறுத்தாது. எண்ணும்போது ஒன்று கவனியுங்கள்: ‘பேட்டரி’ என்று தேடினால் ‘பேட்டரியை’, ‘பேட்டரிக்கு’ எல்லாம் அதற்குள் வந்துவிடும். நீங்கள் நினைத்ததை விட எண் கூடவே இருக்கும்.

இதெல்லாம் சும்மா. என் பக்கத்தில் ஒரே சொல் 40 தடவை இருக்கிறது, மூன்று வருடமாக முதலிடம். என்ன சொல்கிறீர்கள்?

40 தடவை இருப்பதால் முதலிடமா, இருந்தும் முதலிடமா என்று பக்கத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. உங்களுக்கு வரும் லிங்குகள் காரணமாக இருக்கலாம், அந்தத் தேடலில் போட்டியே இல்லாமல் இருக்கலாம். அதேபோன்ற இன்னொரு பக்கம் உங்களிடம் இருந்தால் அதில் 10 ஆக்கிப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் செய்து பார்க்க உங்களுக்கு மனம் வராது. எனக்கும் வராது.