ஆண்டிவைரஸ் சந்தா: மார்ச் 20-க்கு முன்பே பணம் போய்விடும்

கேள்வி: போன வருஷம் 399 ரேண்டுக்கு ஆண்டிவைரஸ் வாங்கினேன், கூடவே விபிஎன்னும் வந்தது. மார்ச் 20-ல் 1,499 ரேண்டுக்குத் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று இப்போது மெயில் வந்திருக்கிறது. மார்ச் 18-ல் நிறுத்தலாம் என்று போனில் அலாரம் வைத்திருக்கிறேன். பேங்க் கார்டை மாற்றினாலே போதும் என்கிறான் தம்பி. சரிதானா? – சாட்ஸ்வர்த், டர்பன்

அலாரத்தை நம்பாதீர்கள், இன்றே நிறுத்துங்கள். சந்தா முடியும் நாளில்தான் பணம் எடுப்பார்கள் என்பது பலருடைய நினைப்பு. ஆண்டிவைரஸ் நிறுவனங்களில் பலவும் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே எடுத்துவிடும். 35 நாள் முன்பு எடுப்பதும் உண்டு. உங்கள் விஷயத்தில் அது பிப்ரவரி 13. முன்கூட்டியே நிறுத்துவதால் நஷ்டமும் இல்லை: தானியங்கிப் புதுப்பிப்பை மட்டும் அணைத்தால், கட்டிய காலம் முழுதும், அதாவது மார்ச் 20 வரை, மென்பொருள் ஓடும்.

கணினியில் உள்ள மென்பொருளுக்குள் தேடாதீர்கள். பிரவுசரில் நிறுவனத்தின் தளத்துக்குப் போய், வாங்கும்போது கொடுத்த மெயில் முகவரியால் உள்ளே நுழையுங்கள். My Account அல்லது Subscriptions பக்கத்தில் Auto-Renewal என்ற பொத்தான் இருக்கும். விபிஎன் அதே கட்டணத்துக்குள் வந்ததா, தனிச் சந்தாவா என்றும் அங்கேயே பாருங்கள். தனி என்றால் அதற்கும் தனியாக அணைக்க வேண்டும். போனில் ஆப் வழியாக வாங்கியிருந்தால் நிறுவனத்தின் தளத்தில் அணைக்க முடியாது. கூகுள் பிளே அல்லது ஆப்பிள் கணக்கில் உள்ள சந்தாப் பட்டியலில்தான் நிறுத்த முடியும். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது.

அணைக்கப் போனதும் பேரம் தொடங்கும். முதலில் ‘உங்கள் கணினி பாதுகாப்பின்றிப் போகும்’ என்ற சிவப்பு எச்சரிக்கை. அடுத்து பாதி விலைத் தள்ளுபடி. அதற்கும் அசையாவிட்டால், ‘எங்கள் ஊழியரிடம் பேசுங்கள்’ என்பார்கள். பெரிய வண்ணப் பொத்தான் பெரும்பாலும் ‘தொடர்கிறேன்’ என்பதற்கு. நமக்கு வேண்டியது கீழே சாம்பல் எழுத்தில் ஒளிந்திருக்கும். தள்ளுபடியை ஏற்றால் தானியங்கிப் புதுப்பிப்பு மறுபடி இயங்கத் தொடங்கும், அடுத்த வருஷம் இதே கதைதான். 750 ரேண்டு மலிவாகத் தோன்றலாம். ஆனால் அதே நிறுவனம் புது வாடிக்கையாளருக்கு இன்னமும் 399-க்கு விற்கிறதா என்று முகப்புப் பக்கத்தில் ஒரு பார்வை பாருங்கள். விற்றால், மார்ச் 20-க்குப் பிறகு வேறு மெயில் முகவரியில் புதிதாக வாங்குவதே லாபம்.

பலர் தள்ளுபடிப் பக்கத்தோடு மூடிவிட்டு, நிறுத்தியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். கணக்குப் பக்கத்தில் Off என்று தெரிய வேண்டும். உறுதி மெயிலும் வர வேண்டும். இரண்டையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

அந்தப் படம் எதற்கு என்பது தம்பியின் யோசனையோடு சேர்ந்தது. வங்கி புது கார்டு கொடுக்கும்போது, விசாவும் மாஸ்டர்கார்டும் நடத்தும் கார்டு விவரப் புதுப்பிப்புச் சேவை வழியாகப் புது எண் நிறுவனத்துக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். அதனால் கார்டை மாற்றினால் சந்தா நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. இது டெபிட் ஆர்டரும் அல்ல. கார்டுக் கட்டணம் என்பதால் வங்கி ஆப்பின் டெபிட் ஆர்டர் பட்டியலில் தேடியும் பயனில்லை. பணம் போயிருந்தால் முதலில் நிறுவனத்திடம் திருப்பிக் கேளுங்கள். 30 அல்லது 60 நாளுக்குள் கேட்டால் கொடுப்பதாகப் பல நிறுவனங்களின் விதிகளே சொல்கின்றன. மறுத்தால், ‘ரத்து செய்த சந்தாவுக்கு எடுத்த கட்டணம்’ என்று வங்கியின் கார்டுப் பிரிவில் புகார் கொடுக்கலாம். வங்கி கேட்கும் முதல் ஆதாரம், கட்டணத்துக்கு முன்பே நிறுத்தியதைக் காட்டும் அந்தப் படம்தான்.

நிறுவனத்துக்கு எழுதும் மெயிலில் நம் தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் (2008) 14-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். காலவரை ஒப்பந்தம் முடிந்ததும், நீங்கள் வெளிப்படையாகச் சம்மதிக்காத வரை, அது மாதா மாதம்தான் தொடரும். இன்னொரு முழு வருஷத்துக்கு அல்ல என்கிறது அது. வெளிநாட்டு நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுப்பது கடினம். ஆனால் பணம் திருப்பிக் கேட்கும் மெயிலில் இந்த வரி இருப்பது நல்லது.

புதிதாக எதுவும் வாங்காவிட்டால், மார்ச் 20 கழிந்ததும் பழைய மென்பொருளை நீக்கி, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸோடு வரும் ஆண்டிவைரஸான டிஃபெண்டர் தானாக வேலையைத் தொடங்கும்; Windows Security-யில் Virus & threat protection பக்கத்தில் பச்சைக் குறி தெரிகிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் ‘உங்கள் சந்தா காலாவதியானது, 4,000 ரேண்டு எடுக்கப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று மெயில் வந்தால் அது மோசடி. அழைக்காமல் வங்கி ஆப்பில் பாருங்கள், பணம் போயிருக்காது.