உண்ட சோறும் உண்ட தட்டும்: ஸ்பானிஷ் மொழியின் நான்கு தொடர்புச் சொற்கள்

கேள்வி: ஸ்பானிஷ் மொழியில் கே, கியென், குயோ, எல் குவால் என்று நான்கு சொற்கள் வருகின்றன. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான் பொருள் சொல்கிறார்கள். எந்த இடத்தில் எது வரவேண்டும்?

தமிழர்களாகிய நமக்கு இங்கே வரும் தடுமாற்றத்தின் வேர் நம் பெயரெச்சத்தில் இருக்கிறது. ‘உண்ட’ என்ற ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு உண்ட மனிதன், உண்ட சோறு, உண்ட தட்டு, உண்ட வீடு, உண்ட நாள் என்று நாம் சொல்லிவிடுகிறோம். தட்டில் உண்டோம், வீட்டில் உண்டோம் என்ற வேற்றுமை உருபு அங்கே மறைந்துவிடுகிறது. கேட்பவர் அதைத் தாமே உணர்ந்துகொள்கிறார். ஸ்பானிஷ் மொழி பொதுவாக அதை மறைக்க விடாது. மறைந்த உருபை வெளியே எடுத்து, முன்னிடைச்சொல்லாக்கி, தொடர்புச் சொல்லுக்கு முன்னால் வைக்கச் சொல்கிறது.

உண்ட மனிதன் என்பது ‘எல் ஓம்ப்ரே கே கோமியோ’. நான் உண்ட சோறு என்பது ‘எல் அர்ரோஸ் கே கோமீ’. உண்பவனும் உண்ணப்படுவதும் உருபின் உதவியின்றி நிற்பதால், இவ்விரண்டுக்கும் வெறும் ‘கே’ போதும். ஆனால் நான் உண்ட தட்டு ‘எல் ப்லாதோ என் எல் கே கோமீ’ ஆகிறது: தட்டில் என்பதன் ‘இல்’ அங்கே ‘என்’ ஆக வந்து, ‘கே’வுக்கு முன் தட்டின் பாலுக்கேற்ற ‘எல்’லும் சேர்ந்துகொள்கிறது. அந்த ‘என் எல்’லை விட்டுவிட்டால் நீங்கள் தட்டையே தின்றதாகப் பொருள்படும். நாள், ஆண்டு போன்ற காலப்பெயர்களில் மட்டும் ‘எல் தியா கே கோமீ’ என்று முன்னிடைச்சொல் இல்லாமலும் வழங்கும்.

படிக்கத் தொடங்கிய காலத்தில், நான் பேசிய பெண் என்பதற்கு ‘லா முஹேர் கே அப்லே’ என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை ‘கே’வைச் சுற்றி வட்டமிட்டு, ஓரத்தில் ‘கோன்?’ என்று மட்டும் எழுதியிருந்தார். பெண்ணோடு பேசினேன் என்பதன் ‘ஓடு’தான் அந்தக் ‘கோன்’. ‘லா முஹேர் கோன் லா கே அப்லே’ என்றோ ‘லா முஹேர் கோன் கியென் அப்லே’ என்றோ எழுதியிருக்க வேண்டும்.

‘கியென்’ மனிதர்களுக்கு மட்டுமே உரியது. அதற்குரிய இயல்பான இடம் இப்படி முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால்தான். மனிதர் என்று கண்டவுடன் ‘கியென்’ போடுவது மிகப் பரவலான பிழை: பாடும் பெண் என்பது ‘லா முஹேர் கே கான்தா’தான், ‘லா முஹேர் கியென் கான்தா’ அன்று. காற்புள்ளியிட்டு, ஏற்கெனவே தெரிந்த ஒருவரைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லும்போது ‘மி தியா, கியென் கான்தா...’ என்று வரலாம். அங்கும் ‘கே’ தவறில்லை.

‘குயோ’ உடைமையைக் குறிக்கும். தந்தை பாடுகிற பெண் என்பது ‘லா முஹேர் குயோ பாத்ரே கான்தா’. பெண் என்பது பெண்பாலாக இருக்க, ‘குயா’ என்று ஏன் வரவில்லை என்று கேட்கத் தோன்றும். இச்சொல் உடையவரைப் பார்ப்பதில்லை, உடைமையாக வரும் சொல்லையே பார்க்கிறது. ‘பாத்ரே’ ஆண்பால், ஆகவே ‘குயோ’. தாய் பாடினால் ‘குயா மாத்ரே’, சகோதரிகள் பாடினால் ‘குயாஸ் எர்மானாஸ்’. இதற்குப் பின் ‘எல்’, ‘லா’ வராது. 1605இல் வெளிவந்த தோன் கிஹோத்தே நாவலின் முதல் வரியிலேயே ‘தே குயோ நோம்ப்ரே’, அதாவது ‘எந்த ஊரின் பெயரை’ என்று வருகிறது. நினைவுகூர்தல் என்ற வினை கேட்கும் ‘தே’ அங்கே ‘குயோ’வுக்கு முன்னால் நிற்பதைக் கவனியுங்கள். பேச்சில் பலர் ‘கே சு பாத்ரே’ என்று சொல்லி இதைத் தவிர்ப்பார்கள். காதில் விழுந்தால் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் எழுத்தில் அதைத் திருத்திவிடுவார்கள்.

‘எல் குவால்’ பெரும்பாலும் எழுத்து நடைக்குரியது. ‘கோன் லா கே’ வரும் இடத்தில் ‘கோன் லா குவால்’ என்றும் எழுதலாம், சற்றே முறைசார்ந்து ஒலிக்கும். இது உண்மையிலேயே தேவைப்படுவது, ஒரு தொகுதியிலிருந்து சிலரைப் பிரித்துச் சொல்லும்போதுதான்: எனக்கு மூன்று சகோதரர்கள், அவர்களில் இருவர் பாடுவார்கள் என்பது ‘தெங்கோ த்ரேஸ் எர்மானோஸ், தோஸ் தே லோஸ் குவாலெஸ் கான்தான்’. இங்கே ‘தே லோஸ் கே’ பொருந்தாது. ‘வழியாக’ என்னும் பொருளுடைய ‘ஆ த்ரவேஸ் தே’ போன்ற நீண்ட முன்னிடைச்சொற்களுக்குப் பின்னாலும் இதையே விரும்பி எழுதுவார்கள். ‘பெத்ரோவின் சகோதரி’ என்று இரு பெயர்கள் அடுத்தடுத்து வந்து, பாடுவது யார் என்ற ஐயம் எழும் இடத்தில், ‘லா குவால்’ என்ற பெண்பால் வடிவம் சகோதரியைச் சுட்டிவிடும். ஆனால் காற்புள்ளியோ முன்னிடைச்சொல்லோ இல்லாமல் இது வராது. நான் படித்த புத்தகம் ‘எல் லிப்ரோ கே லேயீ’தான், ‘எல் லிப்ரோ எல் குவால் லேயீ’ அன்று.

எழுதும்போது ஐயம் வந்தால், பெயரெச்சத்தைக் கலைத்து முழு வாக்கியமாக்கிப் பாருங்கள். ‘நான் வெட்டிய கத்தி’யைக் ‘கத்தியால் வெட்டினேன்’ என்று விரித்தால் ‘ஆல்’ வெளிப்படும், அதுவே ‘கோன்’ ஆகும்: ‘எல் குச்சீயோ கோன் எல் கே கோர்தே’. உருபு எதுவும் வெளிப்படாவிட்டால் பெரும்பாலும் ‘கே’யே வேண்டும், ‘உடைய’ வெளிப்பட்டால் ‘குயோ’. ‘ஐ’ உருபில் மட்டும் கவனம் தேவை: ‘சோற்றை’ என்பதற்கு முன்னிடைச்சொல் வேண்டாம், ஆனால் நான் வாழ்த்திய ஆசிரியர் என்பதில் ‘ஆசிரியரை’ என்று மனிதர் வருவதால் ‘ஆ கியென்’ அல்லது ‘அல் கே’ என்றும் எழுதலாம், வெறும் ‘கே’யும் ஏற்கத்தக்கதே.