தகராறில் உள்ள வாடகையை நடுவர் கையில் வைக்கலாமா?

கேள்வி: மூன்று மாடி அபார்ட்மென்டில் முதல் மாடியில் குடியிருக்கிறோம். வாடகை 18,000 ரூபாய். பாத்ரூம் மேற்கூரையில் நாலு மாதமாக நீர்க்கசிவு. "மேல் வீட்டுக்காரர் செய்யணும், நான் என்ன பண்ண முடியும்" என்கிறார் வீட்டு உரிமையாளர். இந்த மாத வாடகையை நிறுத்தி வைத்திருக்கிறேன். "வாடகையை என்னிடம் கொடுத்து வையுங்கள், கசிவு நின்றதும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன்" என்று அசோசியேஷன் செயலாளர் சொல்கிறார். கொடுக்கலாமா? — எஸ்.கே., மடிப்பாக்கம்

பதில்: பணத்தை நடுவர் கையில் வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் இப்போது சொல்லப்படும் விதத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள். உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காத வரை, நீங்கள் யாரிடம் கொடுத்து வைத்தாலும் அது வாடகை கட்டியதாக ஆகாது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, இரண்டு மாத வாடகை நிலுவையாகி, கேட்டு நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாமல் இருந்தால் அதுவே காலி செய்யச் சொல்லப் போதுமான காரணம். ஒரு மாதம் ஏற்கெனவே நிற்கிறது. அடுத்த மாதமும் நின்றால் பேச்சு கசிவிலிருந்து உங்கள் பாக்கிக்கு மாறிவிடும்.

செயலாளர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் இதில் நடுநிலையாளர் அல்ல. கசிவு மேல் வீட்டுத் தரையிலிருந்து வந்தால் செலவு மேல் வீட்டு உரிமையாளருடையது. பொதுக் குழாயிலிருந்து வந்தால் அசோசியேஷனுடையது. அதாவது, காரணம் எது என்று தீர்மானிப்பதிலேயே அவருக்கு ஒரு பக்கம் இருக்கிறது. வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கரும் வேண்டாம், அவர் பிழைப்பு உரிமையாளர்களை நம்பியது. இரு தரப்புக்கும் உறவோ பண விவகாரமோ இல்லாத ஒரு வழக்கறிஞர் அல்லது ஆடிட்டர் சரியான ஆள். பணம் அவருடைய தனி சேமிப்புக் கணக்கு ஒன்றில் இருக்க வேண்டும், சொந்தப் பணத்தோடு கலக்கக் கூடாது. நடுவில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் வாரிசுகளின் கோரிக்கைக்குள் சிக்கும். அதனால் "இந்தக் கணக்கில் இருப்பது இன்னார் வீட்டு வாடகை" என்று அவரும் கையெழுத்திட்ட கடிதம் மூவரிடமும் ஒவ்வொன்று இருக்கட்டும்.

எவ்வளவு வைப்பது? முழு வாடகையைக் கேட்டால் எந்த உரிமையாளரும் மறுப்பார், அவருக்கும் வங்கிக் கடன் இருக்கலாம். சட்டத்திலேயே ஒரு அளவுகோல் உண்டு. உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதை அவர் செய்யாவிட்டால் வாடகைதாரர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம், ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. அதே பாதியை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 9,000 உரிமையாளருக்கு நேராகப் போகும், 9,000 நடுவர் கணக்கில் சேரும். மெயின்டனன்ஸ், கரண்ட் பில் இரண்டும் வழக்கம்போல முழுதாகக் கட்டப்பட வேண்டும்.

"நானே செய்துவிட்டுக் கழித்துக்கொள்கிறேனே" என்று தோன்றலாம். குழாய் மாற்றுவது, சுவரில் ஓடும் ஒயரிங் போன்றவை சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி உரிமையாளர் பொறுப்பு. பைப் வாஷர், சுவிட்ச், வாஷ்பேசின் போன்றவை உங்கள் பொறுப்பு. உங்கள் வீட்டுக்குள்ளே குழாய் உடைந்திருந்தால் அந்த வழிதான் சுலபம். இங்கே உடைக்க வேண்டியது அடுத்தவர் வீட்டுத் தரையாக இருக்கலாம், அதில் கை வைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. மேல் வீட்டுக்காரரைக் கேட்கக்கூடியவர் உங்கள் உரிமையாளர்தான். அவரை நகர வைக்கத்தான் இந்தப் பாதி வாடகை.

ஒப்பந்தம் எழுதும் முன் காரணத்தை உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் எது சரியானால் பணம் விடுவிக்கப்படும் என்பதே தெரியாது. மேற்கூரையில் ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுங்கள். முதலில் மேல் வீட்டு பாத்ரூமை ஒரு நாள் பயன்படுத்தாமல் விடச் சொல்லுங்கள். அப்போதும் சொட்டினால் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்கலாம். வால்வை மூடியதும் சொட்டுவது குறைந்தால் சந்தேகம் தீர்ந்தது. சொட்டாவிட்டால், அந்தத் தரையின் வடிகால் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். ஈரம் கோட்டைத் தாண்டினால் தரையின் வாட்டர்புரூஃபிங் போய்விட்டது. தாண்டாமல் இருந்து, அடைப்பை எடுத்துத் தண்ணீர் வடியும்போது சொட்டினால் வடிகால் இணைப்பில் ஓட்டை. இந்தச் சோதனையின்போது உரிமையாளரோ அவர் அனுப்பும் பிளம்பரோ கூட இருக்கட்டும், பிறகு "நீங்களே சொல்லிக்கொண்டது" என்று தள்ள முடியாது.

ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம் போதும். நடுவரிடம் செலுத்தும் தொகை வாடகை செலுத்தியதாகவே கருதப்படும், நிலுவையாகாது என்ற வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்தது, "பழுது சரியானதும்" என்று பொதுவாக எழுதாமல், வேலை முடிந்தபின் மீண்டும் 24 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழே புதிய ஈரம் இல்லை என்று இரு தரப்பும் பார்த்துக் கையெழுத்திட்டால் என்று எழுதுங்கள். கறை மறைவதை நிபந்தனையாக வைத்தால் சண்டைதான், ஏனென்றால் ஊறிய பூச்சு காய வாரங்கள் ஆகும். காயாமல் பெயின்ட் அடித்தால் உரிந்து வரும், கசிவு நிற்கவில்லை என்று நீங்களே தவறாக நினைப்பீர்கள்.

பணம் கடைசியில் யாருக்குப் போகும் என்பதையும் முதலிலேயே கணக்குப் போட வேண்டும். இதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். பாத்ரூமைப் பயன்படுத்த முடியாததற்கு மாதம் 1,500 கழிவு என்று பேசி முடித்தீர்கள் என்று வையுங்கள். இரண்டாவது மாதக் கடைசியில் வேலை முடிந்து சோதனையும் தேறியது. கணக்கில் 18,000 இருக்கும். உங்களுக்கு 3,000 திரும்பும், உரிமையாளருக்கு 15,000 போகும். மேல் வீட்டுக்காரர் தரைக்கு எவ்வளவு செலவழித்தார் என்பது இந்தக் கணக்கில் வராது.

மூன்று மாதமாகியும் வேலை தொடங்கவில்லை என்றால்? அதற்கும் ஒரு தேதி எழுதுங்கள். அந்தத் தேதியில் நடுவர் பணத்தைத் தன் விருப்பப்படி பிரிக்கக் கூடாது, இருவரும் கையெழுத்திட்டாலோ வாடகை அதிகாரியின் உத்தரவு வந்தாலோ மட்டுமே கொடுக்க வேண்டும். தேதியோ நிபந்தனையோ இல்லாத பணம் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

உரிமையாளர் கையெழுத்துப் போட மறுத்தால் திட்டத்தை அத்தோடு விட்டுவிடுங்கள். முழு வாடகையையும் வங்கி வழியாகவே கட்டுங்கள். ஒவ்வொரு முறையும் "பழுது நிலுவையில் உள்ளது, உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பிறகு போட்டோக்களோடும் சோதனை விவரத்தோடும் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். வாடகையை நேராக அந்த அலுவலகத்தில் கட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த வசதி உரிமையாளர் வாடகை வாங்க மறுக்கும்போதும், யாரிடம் கொடுப்பது என்ற சந்தேகம் வரும்போதும் உள்ளது. பழுது பார்க்கவில்லை என்பதற்காக அங்கே கட்ட முடியாது. உங்கள் வாடகை ஒப்பந்தம் tenancy.tn.gov.in தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று மனு போடும் முன் பாருங்கள்.

இந்த மாதம் நிறுத்தி வைத்ததை என்ன செய்வது? நாளைக்கே 9,000 அனுப்புங்கள். கூடவே நடுவர் ஒப்பந்தத்தின் வரைவையும் அனுப்பி ஏழு நாள் கேளுங்கள். எட்டாவது நாள் பதில் இல்லையென்றால் மீதி 9,000-த்தையும் அனுப்பிவிடுங்கள்.