23 வகை ஊசி குழந்தைக்கு ஏன் வேண்டாம்?

"என் அப்பாவுக்கு (68) 23 வகை நிமோனியா ஊசி போட்டார்கள். மூன்று மாதக் குழந்தைக்கு 13 வகைதான். அதிக வகை உள்ளதையே குழந்தைக்கும் போடக் கூடாதா?"

கூடாது. 23 வகை ஊசி என்றால் நிமோனியாக் கிருமியின் 23 வகைகளுக்கு எதிரான ஒரே ஊசி. அதில் கிருமியின் மேலுறையிலுள்ள சர்க்கரைச் சங்கிலி மட்டுமே இருக்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களின் துணையின்றி, எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்களே அதை அடையாளம் காண வேண்டும். இரண்டு வயதுக்குள் அந்தத் திறன் முதிர்ந்திருக்காது. ஊசி போட்டும் பாதுகாப்பு கிடைக்காமல் போகும். குழந்தைக்குப் போடும் 13 வகை ஊசி கான்ஜுகேட் ஊசி; அதில் அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்திருக்கிறார்கள். புரதத்தைக் கண்டதும் டி செல்கள் உதவிக்கு வருகின்றன, நினைவுச் செல்களும் உருவாகின்றன. எண்ணிக்கையைவிட இதுதான் முக்கியம்.

உங்கள் அப்பாவின் உடல் எதிர்ப்பொருளை உருவாக்கும். ஆனால் நினைவுச் செல்கள் உருவாகாததால் சில ஆண்டுகளில் அது குறைந்துவிடும். அதே ஊசியை மீண்டும் போட்டால் எதிர்வினை முன்பைவிட மந்தமாகவும் இருக்கலாம். ஓராண்டு கழித்து 20 வகை கான்ஜுகேட் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.