கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் முன் ஒரு ஒத்திகை: கேள்வி பதில்

மனநலப் பிரிவில் சமூகப்பணியாளராக இருக்கிறேன். வாய் திறந்து கேட்க முடியாமல் தவிக்கிறவர்களோடு உட்கார்ந்து, பேசப்போவதை முன்கூட்டியே பேசிப் பார்ப்பது என் வேலையில் பெரிய பங்கு. கேளுங்கள்.

ஈரோடு, ஜவுளிக்கடை ஊழியர்: மேடம், தங்கச்சி வீட்டுக்காரர் கடை போட 1,50,000 ரூபாய் கொடுத்தேன். ரெண்டு வருஷம் முடியப்போகுது. கேக்கணும்னு போவேன், டீ குடிச்சிட்டு வந்துடுவேன். இதை எப்படிப் பழகுறது?

பேசிப் பழகுவதற்கு முன்னால், அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரியில் எழுதுங்கள். "பணம் வேணும்" என்பது போதாது. "அடுத்த மாதத்திலிருந்து மாதம் 10,000, 5-ஆம் தேதிக்குள்" என்று இருந்தால் பதினைந்து மாதத்தில் முடியும். அவரும் ஆம், இல்லை என்று ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

அப்புறம் முதல் வாக்கியம். நம் பேச்சில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். தயங்குகிறவர் அதுவரை போவதே இல்லை. "மாப்பிள்ளை, அந்தப் பணம் விஷயமா கொஞ்சம்..." என்று இழுத்து நிறுத்துவார். மீதியை எதிராளி முடித்துவிடுவார்: "தெரியும் மச்சான், பாத்துக்கலாம்." அவ்வளவுதான், அடுத்து டீ வந்துவிடும். நீங்கள் பழக வேண்டியது வாக்கியத்தை முடிப்பதைத்தான். "மாப்பிள்ளை, கடைக்குக் கொடுத்த ஒன்றரை லட்சத்தைப் பத்திப் பேசத்தான் வந்தேன். அடுத்த மாசத்திலேர்ந்து மாசம் பத்தாயிரம் கொடுங்க." இரண்டே வாக்கியம். சத்தமாகச் சொல்லுங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் இன்னும் சுருக்குங்கள்.

சொன்னதும் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இதையும் பழகத்தான் வேண்டும். அந்த அமைதி தாங்காமல், "கஷ்டம்னா பரவாயில்ல" என்று நாமே சொல்லிவிடுவது மிகச் சாதாரணம். தனியாகப் பழகும்போது இது தெரியாது. எதிரில் ஒரு ஆள் வேண்டும்.

கோவை, விற்பனைப் பிரதிநிதி: இவ்வளவு எதுக்கு? எல்லாத்தையும் எழுதி மனப்பாடம் பண்ணி, கண்ணாடி முன்னாடி பத்து தடவை சொன்னா போதும். நான் அப்படித்தான் சம்பள உயர்வு கேட்டு வாங்கினேன்.

சத்தமாகச் சொல்லிப் பார்த்தீர்களே, அது சரி. மனசுக்குள் சொன்னால் எல்லா வாக்கியமும் அழகாகத்தான் இருக்கும். நாக்கு எங்கே தடுக்குகிறது என்பது வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும். ஆனால் முழுசாக மனப்பாடம் செய்தவர் இடையில் ஒரு கேள்வி வந்தால் மறுபடி முதல் வரிக்குப் போகிறார், இல்லை அப்படியே நின்றுவிடுகிறார். உங்கள் மேலாளர் குறுக்கே பேசாமல் கேட்டிருக்கிறார், அது உங்கள் நல்ல நேரம். சொந்தக்காரர்கள் அப்படிக் கேட்பதில்லை.

முதல் வாக்கியத்தையும் கிளம்பும்போது சொல்லும் வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்தால் போதும் என்பது என் கருத்து. கண்ணாடியை விடப் போனில் குரலைப் பதிவு செய்து கேட்பது எனக்குப் பிடிக்கும். கண்ணாடியில் முகத்தைத்தான் பார்ப்போம். பதிவில்தான் "தப்பா நினைக்காதீங்க", "சும்மா கேக்கிறேன்" எல்லாம் எத்தனை தடவை வந்தது என்று காதில் விழும்.

மதுரை, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: அக்கா, எனக்கும் இதே பயம்தான். இன்டர்வியூல கை நடுங்குது. இதே பயிற்சி செய்யலாமா?

அது வேறு, தம்பி. இன்டர்வியூவில் நீங்கள் பேச வேண்டும் என்று எதிரில் இருப்பவர் காத்திருக்கிறார். நாம் இங்கே பேசுவது, அந்தப் பேச்சே எழக்கூடாது என்று எதிராளி நினைக்கும் இடத்தைப் பற்றி. சத்தமாகச் சொல்லிப் பார்ப்பது மட்டும் உங்களுக்கும் உதவும்.

ஈரோடு, ஜவுளிக்கடை ஊழியர்: நண்பரை மாப்பிள்ளையா நடிக்கச் சொன்னேன் மேடம். வில்லன் மாதிரி கத்துறான். எனக்குச் சிரிப்பு வந்துடுது.

நடிக்கச் சொன்னால் மிகைப்படுத்தத்தான் செய்வார்கள். இங்கிலாந்தில் எலிசபெத் ஸ்டோக்கோ என்ற ஆய்வாளர் போலீஸ்காரர்களின் பயிற்சி விசாரணைகளையும் உண்மையான விசாரணைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பயிற்சியில் பேசியது உண்மையில் பேசுவதை விட விரிவாகவும் மிகையாகவும் இருந்தது. உங்கள் நண்பர் மேல் குற்றம் இல்லை.

அதனால் முதலில் நீங்களே மாப்பிள்ளையாக உட்காருங்கள். நண்பர் நீங்களாக இருந்து பணம் கேட்கட்டும். இப்படி ஆளை மாற்றி உட்கார வைப்பது வியன்னாவில் டாக்டராக இருந்த ஜேக்கப் மொரேனோவின் உளநாடக முறையிலிருந்து வந்தது. மாப்பிள்ளை எப்படி உட்காருவார், போனை எப்போது எடுப்பார், எந்த இடத்தில் "மச்சான்" என்பார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதைப் பார்த்த பிறகு நண்பரிடம் மூன்று வரி மட்டும் கொடுங்கள். "இந்த மாசம் வியாபாரமே இல்ல மச்சான்." "தங்கச்சி வீட்டுலயும் கணக்குப் பார்ப்பீங்களா?" "என் மேல நம்பிக்கை இல்லையா?" மூன்றையும் மெதுவாக, சிரித்த முகத்தோடு சொல்லச் சொல்லுங்கள். நிஜத்தில் தட்டிக்கழிப்பது அப்படித்தான் வரும்.

ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றையும் கலக்க வேண்டாம். அவர் சொன்னதை ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொண்டு, உங்கள் வாக்கியத்துக்குத் திரும்ப வேண்டும். இப்படி:

"இந்த மாசம் வியாபாரமே இல்ல மச்சான்."
"தெரியுது மாப்பிள்ளை, தெருவே காத்தாடுது. அதான் மொத்தமா கேக்கல. மாசம் பத்தாயிரம், அடுத்த மாசத்திலேர்ந்து."
"தீபாவளி முடியட்டும், பாக்கலாம்."
"தீபாவளி முடிஞ்சுன்னா எந்தத் தேதி?"

இந்தக் கடைசிக் கேள்வியை நண்பரோடு பேசும்போதுதான் கண்டுபிடிப்பீர்கள். காகிதத்தில் எழுதும்போது தோன்றாது.

வேலூர், புற்றுநோய்ப் பிரிவு செவிலியர்: எங்கள் பயிற்சியில் வேறு மாதிரி சொல்லித் தருகிறார்கள். கெட்ட செய்தி சொல்லும் முன், "உங்களுக்கு இதுவரை என்ன தெரியும்?" என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவோம். ஸ்பைக்ஸ் முறை. இங்கே நேராகக் கேட்கச் சொல்கிறீர்களே?

நல்ல கேள்வி. 2000-இல் வெளியான அந்த முறை புற்றுநோய் மருத்துவர்களுக்காக எழுதப்பட்டது. அங்கே செய்தியை வாங்கிக்கொள்ள எதிராளி தயாரா என்று பார்க்க வேண்டும். இங்கே அவருக்குச் செய்தி தெரியும். "கடை எப்படிப் போகுது?" என்று ஆரம்பித்தால் அவர் அரை மணி நேரம் கடைக் கஷ்டத்தைச் சொல்வார், அதன்பின் பணம் கேட்பவர் கல்நெஞ்சுக்காரராக ஆகிவிடுவார்.

வேலூர், புற்றுநோய்ப் பிரிவு செவிலியர்: ஆனால் கடை உண்மையாகவே மூடும் நிலையில் இருந்தால்? கேட்காமல் பத்தாயிரம் என்று போவது குருட்டுத்தனம் இல்லையா?

அதிலும் நியாயம் இருக்கிறது. நான் தொகையை முதலில் சொல்லிவிட்டு நிலைமையைப் பிறகு கேட்கச் சொல்வேன். நீங்கள் முன்னால் கேட்கச் சொல்கிறீர்கள். ஈரோட்டுக்காரர் இரண்டையும் நண்பரோடு ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டும். எதில் பணம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வருகிறதோ, அவருக்கு அது.

சென்னை, இல்லத்தரசி: நான் ராத்திரி பூரா மாமியாரோடு மனசுக்குள்ளேயே பேசிப் பார்க்கிறேன். நிறைய ஒத்திகை ஆச்சு, தூக்கம்தான் போச்சு.

அது ஒத்திகை இல்லைங்க, அரைத்த மாவையே அரைப்பது. அடையாளம் சொல்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் அவர் இன்னும் மோசமாகப் பேசுவார், நீங்கள் இன்னும் நீளமாகப் பதில் சொல்வீர்கள், கடைசியில் கையில் ஒரு வாக்கியமும் மிஞ்சாது. ஒத்திகை என்றால் பேச்சு சுருங்கிக்கொண்டே வர வேண்டும். பகலில் வாய்விட்டு இருபது நிமிடம், முடிவில் எழுதிய ஒரு வரி, அதோடு நிறுத்திவிடுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை என்றால் மாமியார் விஷயத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குப் பேசுங்கள். தமிழிலும் பேசலாம்.

திருநெல்வேலி, ஓய்வுபெற்றவர்: உறவுக்குள்ள நாடகம் போட்டுப் பேசுறதா? மனசுல உள்ளதைப் பேசினாப் போதும், அம்மா.

மனசில் உள்ளது வாயில் வரவில்லை என்றுதான் அவர் வந்திருக்கிறார், ஐயா. வாயில் வருகிறவர்களுக்கு இது தேவையே இல்லை.

ஈரோடு, ஜவுளிக்கடை ஊழியர்: மறுபடி பண்ணிப் பாத்தோம். முதல் வரி நல்லா வருது. "தங்கச்சி வீட்டுலயும் கணக்கா"ன்னு கேட்டதும் குரல் உடைஞ்சிடுது மேடம்.

அந்த இடம் தெரிந்துவிட்டது இல்லையா, இனி அதை மட்டும் பழகுங்கள். முதலிலிருந்து ஓட்ட வேண்டாம். நண்பர் அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லட்டும். குரல் உடையாமல் இருக்க முயற்சி செய்யாதீர்கள். உடைந்த குரலிலேயே சொல்ல ஒரு வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள்: "தங்கச்சி பேரைச் சொன்னா எனக்குப் பேச்சு வராது மாப்பிள்ளை. அதனால பணத்தை மட்டும் பேசுவோம்." இப்படி ஒன்று கையில் இருந்தால், குரல் உடைந்தாலும் பேச்சு நிற்காது.

தங்கைக்கு முன்கூட்டியே சொல்லலாமா என்று கேட்பீர்கள். அதை நான் வெளியிலிருந்து சொல்ல முடியாது. தங்கை எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பணத்தைக் கேட்காதீர்கள்.

சேலம், ஆட்டோ ஓட்டுநர்: இவ்வளவும் பழகிப் போய், அவர் "முடியாது, என்ன பண்ணுவீங்க?"ன்னா?

கிளம்பும்போது சொல்லும் வாக்கியம் இதற்குத்தான். "சரி மாப்பிள்ளை, இப்ப வேணாம். ஞாயித்துக்கிழமை காலைல மறுபடி வர்றேன்." சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். எழுந்து நிற்பதையும் நண்பரோடு செய்து பாருங்கள். வாசலில் நின்று மறுபடி ஆரம்பிக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. கை ஓங்கும் ஆள், குடித்துவிட்டுப் பேசும் ஆள் என்றால் தனியாகப் போகவே வேண்டாம். அதற்கு எந்த ஒத்திகையும் உதவாது.

ஈரோட்டுக்காரருக்கு இன்னொன்று. கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு வழக்குப் போட, பொதுவாகக் கொடுத்த நாளிலிருந்து 3 வருஷம்தான் காலவரம்பு. அதற்குள் அவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக எண்ணுவார்கள். ஆகவே மாதத் தவணைக்கு அவர் சரி என்றால் அதை அங்கேயே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். "மறந்துடுவோம் மாப்பிள்ளை, ரெண்டு பேருக்கும் ஒரு தாள்ல எழுதிக்குவோம்" என்ற வரியையும் நண்பரிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். பணம் கேட்பதை விட இந்த வரியில்தான் நிறையப் பேருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.