டெமோ வகுப்பில் கதவைத் திறக்கும் முன்

கேள்வி: 9 வருடமாகக் கேபின் க்ரூவாகப் பறக்கிறேன். முதுகுவலி வந்துவிட்டதால் தரைக்கு மாற நினைக்கிறேன். எங்கள் பயிற்சிப் பிரிவில் இன்ஸ்ட்ரக்டர் வேலைக்கு 15 நிமிட டெமோ வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவசரகாலக் கதவு டிரில்லும், தகராறு செய்யும் பயணியைக் கையாளுவதும் தலைப்பு. மாதிரிக் கதவு கிடையாது, சாதாரண வகுப்பறைதான். டிரில் எல்லாம் மனப்பாடம். ஆனால் அதை எப்படி நடத்திக் காட்டுவது?
– வாசகி, சென்னை

பதில்: மனப்பாடமாக இருப்பதில்தான் சிக்கல், சகோதரி. என் முதல் டெமோவில் நானும் கதவு டிரில்லை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். பின்வரிசையில் இருந்த தேர்வாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: "பயணிகள் சறுக்கி இறங்கும் ஸ்லைடு தானாகவே ஊதிக்கொள்ளுமே, பிறகு ஏன் அந்தச் சிவப்புக் கைப்பிடியை இழுக்கிறீர்கள்?" எத்தனையோ வருடம் இழுத்த கை, காரணம் தெரியாமல் நின்றது. தானாக ஊதுவது சில சமயம் வேலை செய்யாது. ஊதுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க நேரம் இல்லை. அதனால் எப்படியும் இழுத்துவிடுகிறோம். அவ்வளவுதான் பதில்.

ஆகவே முழு டிரில்லையும் 15 நிமிடத்தில் திணிக்காதீர்கள். ஒரே ஒரு இடத்தை எடுங்கள்: கதவைத் திறக்கும் முன் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பது. புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பயிற்சிக் கதவுக்கு வெளியே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கதவு திறக்கும், ஸ்லைடு விரியும், பாஸ். கண் சும்மா ஜன்னல் பக்கம் போய்வரப் பழகிவிடுகிறது.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் நடந்ததைச் சொல்லித் தொடங்குங்கள். தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350, ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. அந்தச் சிறிய விமானத்தில் 5 பேர் இறந்தார்கள். ஏ350-இல் இருந்த 379 பேரும் வெளியே வந்தார்கள். 8 கதவுகளில் பயன்பட்டவை 3 மட்டுமே. அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. மெகாஃபோனும் தொண்டையும்தான் கைகொடுத்தன. பின்பக்கம் நின்ற க்ரூவுக்குக் காக்பிட்டோடு பேச வழியில்லை. வெளியே பார்த்து, தானே முடிவெடுத்துத் திறந்தார். இதை 2 நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

பிறகு சுவரில் ஒரு சார்ட் பேப்பரை ஒட்டி, ஜன்னல் அளவுக்கு ஓட்டை வெட்டி, மேலே ஒரு மடிப்புத் தாளைத் திரையாகப் போடுங்கள். அதற்குப் பின்னால் நீங்கள் செருகும் அட்டையில் ஒரு முறை வெறும் தரை, ஒரு முறை தீ, ஒரு முறை தண்ணீர். முதலில் நீங்களே பேசாமல், உண்மையான வேகத்தில் செய்து காட்டுங்கள். அடுத்து மெதுவாக, ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் சொல்லி: வெளியே பார்ப்பது, ஸ்லைடு ஆர்ம் ஆகி, கதவு திறந்ததும் விரியத் தயாராக இருக்கிறதா என்று பார்ப்பது, பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறப்பது, சிவப்புக் கைப்பிடி, ஸ்லைடு முழுதாக விரியும்வரை பயணிகளைத் தடுத்து நிறுத்துவது. மூன்றாவது முறை ஒரு மாணவரைக் கூப்பிட்டு, அவருக்குத் தெரியாமல் தீ அட்டையைச் செருகுங்கள்.

அவர் திறந்துவிட்டால் திட்டாதீர்கள். "ஜன்னலில் என்ன பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பார்க்கவே இல்லை என்பது அவருக்கே தெரிந்துவிடும். மறுபடி செய்யச் சொல்லுங்கள். இம்முறை அவர் கதவை மறித்து நின்று, "இந்தப் பக்கம் வழியில்லை, அந்தப் பக்கம் போங்கள்" என்று கத்த வேண்டும். இங்கே இன்னொன்றைக் கவனியுங்கள்: பலர் ஜன்னலைப் பார்த்தபடியே கத்துவார்கள். குரல் கதவுக்குப் போகும், பயணிக்குப் போகாது. வருடக்கணக்காக இனிமையாக அறிவிப்பு செய்த தொண்டைக்குக் கட்டளைக் குரலும் லேசில் வராது. உங்களுக்கும்தான், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழகுங்கள்.

பயணி விஷயத்துக்கு 5 நிமிடம் போதும். நடிக்கச் சொன்னால் மாணவர்கள் மிகையாக நடித்துச் சிரிப்பில் முடித்துவிடுவார்கள். குடித்த பயணியாக நடிப்பவர் கையில் ஒரு சீட்டு கொடுங்கள்: "க்ரூ குரலை உயர்த்தினால் நீயும் உயர்த்து. பெயர் சொல்லி, நிதானமாக, இனி மது இல்லை என்று தெளிவாகச் சொன்னால் உட்கார்ந்துவிடு." நடிப்பு தானாகவே அடங்கும். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் விதியில் வாய்த்தகராறு முதல் நிலை, கைவைப்பது இரண்டாம் நிலை, உயிருக்கு ஆபத்து மூன்றாம் நிலை. எந்த நிலை என்று மாணவரையே சொல்லவைத்து, நடந்ததை 3 வரியில் எழுதச் சொல்லுங்கள். "மோசமாக நடந்துகொண்டார்" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். என்ன சொன்னார், என்ன செய்தார் என்பதுதான் அறிக்கை.

கையெழுத்துப் போடுமுன் சம்பளத்தைக் கேட்டுவிடுங்கள். பறப்பதற்குத் தரும் படிப்பணம் நின்றுவிட்டால் கைக்கு வருவது நன்றாகவே குறையும். சில இடங்களில் இன்ஸ்ட்ரக்டர்களையும் மாதத்தில் சில நாள் பறக்கவைப்பார்கள். படிப்பணத்துக்கு அது நல்லது, உங்கள் முதுகுக்கு எப்படி என்று மருத்துவரிடம் கேளுங்கள்.