ரத்தம் தெரியாமல் ரத்தப் பரிசோதனை லேபைக் காட்டுவது எப்படி?

கேள்வி: எங்கள் பேதாலஜி லேபுக்கு பிரசுரம் அடிக்கிறோம். முகப்புக்கு டிசைனர் கொடுத்த படத்தில் ஒரு பெண் நீலத் திரவம் உள்ள கண்ணாடிக் குடுவையைத் தூக்கிப் பார்க்கிறார். "இது நம்ம லேபே இல்லை" என்கிறார் டாக்டர். நாங்களே எடுத்த படங்களில் ரத்த டியூபும் ஊசியும் தெரிந்து பார்க்கவே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: டாக்டர் சொல்வது சரி. கூம்புக் குடுவையும் கலர் தண்ணீரும் பள்ளி வேதியியல் கூடத்துக்குரியவை. உங்களிடம் மாதிரிகள் மூடி போட்ட டியூபில் வருகின்றன. அதையேதான் படத்தில் காட்ட வேண்டும். மேசையின் முன்புறம் ஒரு டியூப் ரேக், அதற்குப் பின்னால் சற்று மங்கலாக மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன். முகப்புக்கு இந்த ஒரு காட்சி போதும். ரத்தம் எடுக்கும் காட்சியே வேண்டாம். அங்கே ஊசியைத் தவிர்க்க முடியாது.

பயத்தைக் கிளப்புவது டியூபுக்குள் தெரியும் சிவப்புதான். அதை மறைக்க எடிட்டிங் தேவையில்லை. முறைப்படி லேபிளை மூடிக்குக் கீழிருந்து டியூபின் நீளவாக்கில் நேராக ஒட்டுவார்கள். டியூபை நிறுத்திப் பார்த்தால் பார்கோடின் கோடுகள் ஏணிப்படி போலக் கிடக்கும். லேபிள் பக்கம் கேமராவைப் பார்க்கும்படி டியூபைத் திருப்பி வைத்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் மறைந்துவிடும். பக்கம் அடைத்த ரேக் என்றால் கீழ்ப்பகுதியும் தெரியாது. கேமராவைக் கொஞ்சம் மேலிருந்து சாய்த்துப் பிடித்தால், கண்ணில் படுவது மூடிகளின் நிறமும் வெள்ளை லேபிளும் மட்டும்தான்.

அதனால் ரத்தமே வேண்டியதில்லை. காலாவதியாகி ஒதுக்கிய, பயன்படுத்தாத டியூப்கள் ஏழெட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளின் மாதிரியைப் படத்துக்காக எடுத்து வைக்காதீர்கள். தொற்று அபாயம் ஒரு பக்கம், லேபிளில் அவர்கள் பெயர் இருப்பது இன்னொரு பக்கம். லேபிளில் போலியான பார்கோடு மட்டும் இருக்கட்டும். சிவப்பு மையை ஊற்றி ரத்தம் போலக் காட்டவும் வேண்டாம். மை கண்ணாடி போலத் தெளிவாகப் பளிச்சென்று இருக்கும், ரத்தம் அப்படி இருக்காது. லேபில் வேலை செய்கிற யாருக்கும் உடனே தெரிந்துவிடும்.

அடுத்து மூடியின் நிறம். இதில் நானே ஒரு முறை மாட்டிக்கொண்டேன். ஒரு லேபுக்காக ஊதா மூடி டியூப்களை அடுக்கி, முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை பற்றிய பக்கத்துக்குப் படம் எடுத்துக் கொடுத்தேன். 'சுத்தமாகத் தெரியட்டும்' என்று டிசைனர் படம் முழுக்க நீலச் சாயல் ஏற்றிவிட்டார். ஊதா மூடிகள் இளநீலமாகிவிட்டன. ஊதா மூடி டியூபுக்குள் இருப்பது ஈடிடிஏ என்ற ரசாயனம். ரத்த அணுக்களை எண்ணுவதற்கு அதுதான் வேண்டும். இளநீல மூடி டியூபுக்குள் சிட்ரேட் என்ற வேறொரு ரசாயனம் இருக்கும். அது ரத்தம் உறையும் தன்மையைப் பார்ப்பதற்கு. தலைப்பு ஒன்று, டியூப் வேறொன்று என்றாகிவிட்டது. அங்கிருந்த டெக்னீஷியன் பார்த்ததுமே விரலை வைத்துக் காட்டினார்.

சுத்தம் தெரிய நீலச் சாயல் வேண்டாம், வெளிச்சத்தைச் சரி செய்தாலே போதும். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் முகத்தில் பச்சை ஏறி டெக்னீஷியனே நோயாளி மாதிரித் தெரிவார். ஏதாவது ஒன்றை அணைத்துவிட்டோ மறைத்துவிட்டோ, ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி கேமராவின் ஒயிட் பேலன்ஸை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மைக்ரோஸ்கோப். படம் பொய் என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மேடையில் ஸ்லைடு இல்லாததும் விளக்கு எரியாததும்தான். சாயமேற்றிய ஸ்லைடு ஒன்றைக் கிளிப்பில் மாட்டி, விளக்கைப் போட்டு, லென்ஸை 'க்ளிக்' என்று இடத்தில் உட்கார வையுங்கள். டெக்னீஷியன் இரண்டு கண்ணாலும் பார்க்கட்டும், ஒரு கை ஃபோகஸ் திருகில் இருக்கட்டும். நடிக்கச் சொல்லாமல் நிஜமாகவே ஒரு ஸ்லைடைப் பார்க்கச் சொன்னால் தோள் தானாகத் தளரும். நான் அறிந்தவரை, பார்ப்பவருக்கு நிம்மதி தருவது அந்தத் தளர்வுதான். கோட் பட்டன் போட்டிருக்கட்டும், முடி கட்டியிருக்கட்டும். முகக் கண்ணாடி, கவச உடை எல்லாம் இந்த வேலைக்குத் தேவையில்லை. போட்டால் ஏதோ தொற்று பரவுகிறது என்ற எண்ணம் வந்துவிடும்.

அனலைசரும் படத்தில் வர வேண்டும் என்றால் மூடிய நிலையில், ஆரம்பத் திரையோடு பின்னணியில் இருக்கட்டும். சில மாடல்களில் ரத்தத்தை உறிஞ்ச வெளியே நீட்டும் எஃகுக் குழாய் அசல் ஊசி போலவே இருக்கும். கழிவுத் தொட்டிகளைப் படத்திலிருந்து எடிட்டிங்கில் அழிக்க வேண்டாம். கோணத்தை மாற்றினால் ஃபிரேமுக்கு வெளியே போய்விடும்.

அச்சுக்குப் போகும் முன் ஒரு மாதிரிப் பிரதி வாங்கி, அசல் ஊதா மூடி ஒன்றைப் படத்தின் மேலேயே வைத்துப் பாருங்கள். நிறம் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.